வண்டிச் சத்தம் கேட்டும் நிமிராத நாட்கள்

கல்யாணமான புதிதில் அவர் வண்டி தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மதுரை அனுப்பானடியில் எங்கள் தெரு குறுகலானது. ராத்திரி 8.40 வாக்கில் பத்து வண்டி போகும், வரும். அதில் எது அவருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். 2022 தொடக்கத்தில் அதே வண்டி, அதே நேரம், அதே சத்தம்தான். ஆனால் அது கேட்டதும் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: தோசைக்கல்லை அடுப்பில் போட வேண்டும்.

எங்களுக்கு 2015-ல் கல்யாணம் ஆனது. வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம்தான், ஆனால் நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே இருந்த ஐந்து மாதத்தில் போனிலேயே நெருங்கிவிட்டோம். 2017-ல் பையன் பிறந்தான். நான் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். அவர் மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். காலை 5.15-க்கு நான் எழுந்தால் 8.10-க்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பையனைக் கிளப்பி, பஸ் பிடிக்க வேண்டும். அவர் வீடு திரும்பும்போது 8.40. சாப்பாடு, பாத்திரம், பையனுக்கு வீட்டுப்பாடம், படுக்கை. மாமியார் கீழ் வீட்டில் இருப்பதால் பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. பெரிய கஷ்டம் என்று சொல்ல எதுவும் கிடையாது.

சண்டையும் கிடையாது. அதுதான் என்னைக் குழப்பியது. சண்டை வந்தால் இன்னது சரியில்லை என்று காட்ட ஒரு விஷயமாவது இருக்கும். எங்களிடம் அதுவும் இல்லை.

அந்த மார்ச் மாதம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியில் என் வகுப்புப் பிள்ளைகள் செய்த நீர்மட்டக் கருவிக்கு மாவட்ட அளவில் பரிசு கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன். அவர் வந்தார், சாப்பிட்டார், போனில் கடை விஷயமாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சரி, அப்புறம் சொல்லிக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மறந்தது. அதற்கடுத்த நாள் அது பழைய சேதி ஆகிவிட்டது. நான்கு நாள் கழித்து எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் அப்பா மருந்துக் கடைக்கு வந்தபோது அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, பரிசு வாங்கினியாமே? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"மறந்துட்டேங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்ல மறந்திருக்கிறேன் என்றால், அவர் மேல் இருந்த பாசமே போய்விட்டதா? இந்தக் கேள்வியை வெளியே யாரிடமும் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்டால் பயந்துவிடுவார். 'புள்ள பொறந்தா எல்லாம் அப்படித்தான்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பதில் உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பாசம் வற்றிப்போன வீட்டிலும் அதே பதிலைத்தான் சொல்வார்கள்.

அப்போது நான் செய்த ஒரு காரியம் பின்னால் மிகவும் உதவியது. எங்கள் இருவரின் வாட்ஸ்அப் உரையாடலை மேலே தள்ளித் தள்ளி, கல்யாணமாகி முதல் மாதம் பேசியதைப் படித்தேன். அப்புறம் கீழே வந்து அந்த மார்ச் மாதத்தைப் படித்தேன். மார்ச்சில் நாங்கள் அனுப்பிக்கொண்டவை மொத்தம் 71. அதில் 58 பால், கேஸ், கரண்டு பில், பள்ளி வேன், மாமியாரின் மாத்திரை. மீதி 13-ம் பையனின் போட்டோக்களும், யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டவையும். நான் எப்படி இருக்கிறேன், அவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் மாதத்தில் அவர் 'இன்னைக்கு டீக்கடைல வாழைக்காய் பஜ்ஜி போட்டான், உன் ஞாபகம் வந்துச்சு' என்று எழுதியிருந்தார். அந்த வரியை அன்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த 58-ஐயும் மறுபடி படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒன்றில்கூடக் கடுப்பு இல்லை. 'பால் வாங்கிட்டேன்', 'நீ எறங்குறப்ப போன் பண்ணு, மழ வருது', 'அம்மா மாத்திர நான் எடுத்துட்டு வரேன்'. இரண்டு பேர் ஒரு பாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. பிடி நழுவவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் நேரமில்லை. அன்று இதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

மே மாதம் என் தங்கைக்கு நாகர்கோவிலில் பிரசவம். அம்மாவுக்கு மூட்டு வலி, ஓடியாட முடியாது. பள்ளி விடுமுறை என்பதால் பையனையும் கூட்டிக்கொண்டு நான் போனேன். 23 நாள் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நாள் பிரிந்து இருந்தது என் பிரசவத்தின்போது மட்டும்தான்.

முதல் மூன்று நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். அவர் இல்லாமல் இவ்வளவு நிம்மதியா என்று எனக்கே குற்ற உணர்ச்சி வந்தது. நான்காம் நாள் மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்: எதிலிருந்து இந்த நிம்மதி? 5.15 அலாரம் இல்லை. மூன்று பாக்ஸ் கட்ட வேண்டியதில்லை. பஸ்ஸைத் துரத்த வேண்டாம். விடைத்தாள் திருத்த வேண்டாம். ராத்திரி பாத்திரம் விளக்குகிற முறை என்னுடையதல்ல. ஒன்பது வரி வந்தது. அந்த ஒன்பதில் ஒன்றில்கூட அவர் இல்லை. அவர் குரல் கேட்க வேண்டாம், அவர் முகம் பார்க்க வேண்டாம் என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை. நிம்மதி வேலையிலிருந்து வந்தது, மனிதரிடமிருந்து அல்ல.

ஐந்தாம் நாளிலிருந்து வேறொன்று ஆரம்பித்தது. தங்கை மகள் தூக்கத்தில் உதட்டைச் சுழிப்பாள், அவர் யோசனையில் இருக்கும்போது செய்வது மாதிரியே. இதை அவரிடம் சொல்லணும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பாட்டி நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்குமே என்று கை தானாகப் பர்ஸுக்குப் போனது. வீட்டில் இருக்கும்போது இந்த மாதிரி சேதி எனக்குள் வராமல் இருந்ததா? வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவர் பக்கத்திலேயே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற தைரியத்தில் ஒவ்வொன்றையும் 'அப்புறம்' என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். தள்ளிப்போட்டது எதுவும் பிறகு வாய்க்கு வரவில்லை. ஊரில் அவர் இல்லாததால் 'அப்புறம்' என்று சொல்ல வழியில்லை. உடனே போனை எடுத்தேன்.

எட்டாம் நாள் ராத்திரி தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வண்டி வந்தது. அதே கம்பெனி வண்டியாக இருக்க வேண்டும், கியர் மாற்றும்போது வரும் அதே இருமல் சத்தம். என்னையறியாமல் நிமிர்ந்துவிட்டேன். மணி பார்த்தால் 8.35. மதுரையில் ஒரு வருடமாக நிமிராத தலை, நாகர்கோவிலில் ஊர்பேர் தெரியாத ஒருவரின் வண்டிக்கு நிமிர்ந்தது.

பதினோராம் நாள் அவர் போன் செய்தார்.

"சீரகம் எங்கம்மா இருக்கு?"

"மேல் தட்டுல, நீல மூடி டப்பா."

"ம்… எடுத்துட்டேன்."

எடுத்த பிறகும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீடு நல்லாவே இல்ல" என்றார். "எப்ப வரீக?" என்று கேட்டார். அவர் கோபத்திலும் சந்தோஷத்திலும் மட்டும்தான் 'வரீக, போறீக' என்று அவர் ஊர்ப் பேச்சுக்கு மாறுவார். அன்று 47 நிமிடம் பேசினோம். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் கணக்கில் செய்த குளறுபடி, அதனால் இரண்டு மாதமாக அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது எல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் பக்கத்தில் படுத்துக்கொண்டே இரண்டு மாதம் அந்தக் கவலையை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் பரிசைச் சொல்லாத மாதிரி, அவர் இதைச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள், பள்ளியில் மனநல ஆலோசகராக வாரம் இரண்டு நாள் வரும் தோழியிடம் இதைச் சொன்னேன். அவர் எலன் பெர்ஷைட் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொன்னார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1983-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நாம் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியம் தடைபடும்போதுதான் உணர்ச்சி பொங்குகிறது. புதிதாகச் சேர்ந்த இருவருக்கு ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று தெரியாது, அதனால் எதிலும் படபடப்பும் பூரிப்பும் இருக்கும். வருடங்கள் போகப் போக இருவரின் அன்றாட வேலைகளும் பல்சக்கரம்போல ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அவர் தண்ணீர் மோட்டார் போட்டால் நான் தொட்டியைப் பார்க்கிறேன், கேட்காமலே நடக்கிறது. எதுவும் தடைபடுவதில்லை, அதனால் எதுவும் உறைப்பதும் இல்லை. ஆனால் ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவரின் நாள் பாதியில் நின்றுபோகும். உள்ளே கிடந்த உணர்ச்சி அப்போதுதான் வெளியே தெரியும்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அவர் சொன்ன இன்னொரு வகை. கோத்துக்கொள்ளாமல், தண்டவாளம்போலப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வாழ்க்கையும் வெளியிலிருந்து பார்க்க அதே அமைதியாகத்தான் இருக்கும். அங்கே ஒருவர் போனால் மற்றவரின் நாளில் எதுவும் நிற்காது. ஆக, வீட்டில் உட்கார்ந்து அமைதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது எந்த வகை என்று சொல்ல முடியாது. பிரிவோ, காய்ச்சலோ, பணமுடையோ வந்து ஒரு தட்டு தட்டும்போதுதான் தெரியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வேண்டுமென்றே கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கோபத்தில் பிரிந்தால் எழுவது கோபம்தான், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. வாழ்க்கையே போதுமான தடைகளைக் கொண்டுவருகிறது. அவை வரும்போது நம்மைக் கவனித்தால் போதும். இன்னொன்று, பிரிவில் எழும் ஏக்கம் முழுவதையும் பாசம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சமைத்துப் போட ஆள் இல்லையே, வண்டியில் கொண்டுவிட ஆள் இல்லையே என்பதும் ஏக்கம்போலவேதான் இருக்கும். நான் எனக்கு வைத்துக்கொண்ட அடையாளம் இது: அந்த வேலையை வேறொருவர் செய்துகொடுத்தால் ஏக்கம் தீருமா? தங்கை வீட்டுக்காரர் என்னைக் கடைக்கு வண்டியில் கூட்டிப் போனார், வேலை முடிந்தது. ஆனால் குழந்தை உதட்டைச் சுழித்த சேதியை அவரிடம் சொல்லி என் மனது நிறையவில்லை.

பாசம் உண்மையிலேயே போன வீட்டையும் நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். என்னுடன் வேலை பார்த்த ஒரு தோழி. அவர் வீட்டிலும் சண்டை இல்லை, அவரும் 'ரொட்டீன்தான், வேறொன்றுமில்லை' என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் காலண்டர் தாள் கதையைச் சொன்னதும் அமைதியாகிவிட்டார். வெகு நேரம் கழித்துச் சொன்னார்: "எனக்கு அவரு சாவி போடுற சத்தம் கேட்டா வயிறு இறுகும். அவரு டூர் போனா அந்த இறுக்கம் போயிடும். அலாரம் அதேதான், வேல அதேதான்." அவர் கணவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் எல்லாம் செய்தார், ஆனால் பயம் வரவில்லை, லீவு போகிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. அவர் கணவரும் சொந்தக்காரர்கள் நடுவில் இவர் வாய் திறந்தாலே உதட்டைக் கோணி, 'இவளுக்கு என்ன தெரியும்' என்பார். எங்கள் வீட்டுச் செய்தி 58-லும் கடுப்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதன் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சு குறைவதும் ஏளனம் நுழைவதும் வேறு வேறு. முன்னது தேய்மானம். பின்னதை நான் தேய்மானம் என்று சொல்ல மாட்டேன். அடி, மிரட்டல், பயம் இருக்கும் இடத்தில் இந்தக் கட்டுரை பேசும் எதுவும் பொருந்தாது. அங்கே 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து திரும்பிய பிறகும் எனக்கு ஒரு மந்தம் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பையன் சிரித்தாலும், பிடித்த பாட்டுக் கேட்டாலும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. அந்த ஆலோசகர் தோழிதான் கேட்டார்: "வீட்டுக்காரர் மேல மட்டும் ஆர்வம் இல்லையா, எது மேலயுமே இல்லையா?" எது மேலயுமே இல்லை. "அப்ப முதல்ல ரத்தம் பாரு" என்றார். ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. தைராய்டு சரியாக இருந்தது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை காபிக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளி, மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்டேன். இரண்டாம் மாதமே மாலை நேரத்தில் ஆளாக இருந்தேன். பாசம் குறைந்துவிட்டது என்று நான் நினைத்ததில் ஒரு பங்கு வெறும் ரத்தசோகை. மனச்சோர்வும் இப்படித்தான் வேஷம் போடும். ஒருவர் மேல் மட்டுமா, எல்லாவற்றின் மேலுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கணவன் மனைவி விஷயத்துக்கு வர வேண்டும்.

சரி, 23 நாள் கழித்து மதுரைக்கு வந்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து பையனைத் தூக்கிக்கொண்டார். இரண்டு நாள் வீடு திருவிழாவாக இருந்தது. பள்ளி திறந்த மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாம் பழையபடி. பிரிவு எங்களுக்கு விஷயத்தைக் காட்டித்தான் கொடுத்தது, சரி செய்யவில்லை. அதை நாங்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் செய்த இரண்டும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போனோம். வாரம் முழுக்க உழைத்த களைப்போடு எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. பிரியாணி வரும்வரை ஆளுக்கொரு போனைப் பார்த்தோம். இடம்தான் மாறியது. இன்னொரு நாள் ராத்திரி 11 மணிக்கு, "நாம ஏன் இப்படி ஆயிட்டோம்?" என்று நான் ஆரம்பித்தேன். அவருக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது. "நான் என்ன செய்யல உனக்கு?" என்றார். அன்று வருடக்கணக்கில் இல்லாத சண்டை வந்தது. களைத்த நேரத்தில், படுக்கையில், உறவைப் பற்றியே பேசுவதை அதோடு நிறுத்திவிட்டேன்.

பலித்தது சின்னதாக ஆரம்பித்தது. அந்த 58 செய்திகளை அவரிடம் காட்டினேன். கணக்குப் பார்க்கிறவர், எண்ணிக்கை அவருக்கு உடனே பிடிபட்டது. "ராத்திரி நம்ம பேசுறதும் இதேதான்" என்றார். பேச்சே இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் பேச்சு நிறைய இருந்தது, அத்தனையையும் பில்லும் பாலும் எடுத்துக்கொண்டிருந்தன. அதனால் அந்தப் பேச்சை இடம் மாற்றினோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். வாரத்தில் எது ஞாபகம் வந்தாலும் அதில் எழுத வேண்டும். ஞாயிறு காலை 7 மணிக்குக் காபியோடு உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி, யார் எதைச் செய்வது என்று பெயர் போட்டுவிடுவோம். அன்றாட ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த விஷயம் வாயில் வரக் கூடாது. அவசரம் என்றால் மட்டும் விலக்கு.

முதல் வாரம் ராத்திரிகள் சங்கடமாக இருந்தன. பில்லை எடுத்துவிட்டால் எங்களுக்குப் பேச ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சங்கடத்தில்தான் பலரும் 'பார்த்தாயா, ஒன்றுமே இல்லை' என்று விட்டுவிடுவார்கள் என நினைக்கிறேன். பத்துப் பதினைந்து நாள் அந்த வெறுமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் அவர் கடையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நான் 'அப்புறம்' என்ற சொல்லை எனக்குள் தடை செய்துகொண்டேன். சொல்லத் தோன்றினால் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவிலாவது அந்த நிமிடமே சொல்லிவிடுவது. அவர் தலையை மட்டும் ஆட்டினாலும் பரவாயில்லை. தலையை ஆட்டியவர் அரை மணி நேரம் கழித்து, 'அந்தப் பையன் அப்புறம் என்ன செஞ்சான்?' என்று கேட்டிருக்கிறார்.

காலையில் இருவரும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்தோம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் காலத்தில் 1645-ல் வெட்டியது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். வாரம் மூன்று நாள், இரண்டு சுற்று. முதல் மாதம் நன்றாக இருந்தது. இரண்டாம் மாதம் நடையும் பால் வாங்குவதுபோல ஆகிவிட்டது. எந்த நல்ல பழக்கமும் பழகிவிட்டால் பழகியதுதானே. நான் சோர்ந்துபோனேன்.

அப்போது அவர்தான் சொன்னார், "நீ வண்டி ஓட்டக் கத்துக்கயேன், நான் சொல்லித் தரேன்." எனக்கு 33 வயது, சைக்கிள்கூட ஒழுங்காகத் தெரியாது. தங்கை வீட்டில் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் யாரையாவது எதிர்பார்த்ததைப் போனில் சொல்லியிருந்தேன், அதை அவர் மனதில் வைத்திருந்தார். தெரிந்தவரின் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு சனி, ஞாயிறு விடியற்காலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போவோம். நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி துள்ளும், அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். "தரைய பாக்காத, தூரமா பாரு, தூரமா பாரு!" இரண்டாம் வாரம் நான் அவரையும் இழுத்துக்கொண்டு முள்செடிக்குள் போனேன். அவர் முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மண்ணைத் தட்டிவிட்டு, என் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலருகே வைத்தார். "இன்னொரு ரவுண்டு போவமா?" என்றார். ஏழு வருடமாக எனக்குத் தெரிந்தவர் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பொறுமை இழப்பவர். இப்படி ஒரு வாத்தியார் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. நான் பயப்பட்டு அவர் பார்த்ததும் அதுவரை இல்லை. வீட்டில் நான் எதற்கும் பயப்படாதவள்.

இதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 2000-ல் வெளியிட்டார்கள். தம்பதிகளை அழைத்து, சிலரை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சேர்த்துக் கட்டி, இருவருக்கும் நடுவில் ஒரு தலையணையைக் கையாலோ பல்லாலோ பிடிக்காமல் தாங்கிக்கொண்டு, மெத்தை விரித்த தரையில் தடையைத் தாண்டித் தவழச் சொன்னார்கள். 7 நிமிட விளையாட்டு. இன்னொரு பகுதியினருக்குப் பந்தை மெதுவாக உருட்டும் சாதாரண வேலை. புதிய விளையாட்டை விளையாடியவர்களுக்குத் தங்கள் உறவின் மேல் திருப்தி கூடியிருந்தது. ஹோட்டல் ஏன் பலிக்கவில்லை, மைதானம் ஏன் பலித்தது என்று எனக்கு இதில் விளங்கியது. சேர்ந்து உட்கார்ந்திருப்பது மட்டும் போதவில்லை, இருவரில் ஒருவருக்காவது தெரியாத ஒன்று நடுவில் இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனை உடனடிப் பலனைத்தான் பார்த்தது, ஆயுசுக்கும் நிற்கும் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் நிற்கவில்லை. வண்டி பழகியதும் அந்தக் கிளர்ச்சி அடங்கியது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. போன வருடம் அவர் என்னிடம் அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

சாவிச் சத்தம் கேட்டால் வயிறு இறுகும் என்ற அந்தத் தோழியும் இதையெல்லாம் செய்து பார்த்தார். நோட்டு வாங்கினார், வீட்டுக் கணக்கு ஒழுங்கானது, வேறெதுவும் மாறவில்லை. நடக்கக் கூப்பிட்டார், கணவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தார். ஆறு மாதம் ஆலோசனைக்கும் போனார்கள். பாதி நாட்கள் இவர் மட்டும் போனார். இப்போது தனியாக இருக்கிறார். பழக்கத்தின் தூசியைத் தட்டும் வேலைகள் இவை, கீழே ஏதாவது இருந்தால் தெரியும். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டது நல்லதுதான் என்று அவரே சொல்கிறார். 'முயற்சி போதவில்லை' என்று அவரைச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. முயற்சி செய்ய இருவர் வேண்டும், அவர் ஒருவர்தான் இருந்தார்.

எங்கள் வீட்டில் பரீட்சை மாதங்களில் இன்றும் எல்லாம் நழுவும். இந்த மார்ச்சிலும் நழுவியது. விடைத்தாள் கட்டு வந்த பிறகு மூன்று வாரம் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை, ராத்திரிப் பேச்சு மறுபடி பாலுக்கும் பில்லுக்கும் போய்விட்டது. ஆனால் முன்போல 'பாசம் போச்சா' என்று நான் விழித்துக் கிடக்கவில்லை. ஒரு ராத்திரி கட்டைப் பிரித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். 8.40 தாண்டி 9 ஆகியும் வண்டிச் சத்தம் வரவில்லை. என் பேனா நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். 9.10-க்கு வந்தார், பஞ்சராம். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கிழம காலைல நோட்ட எடுத்து வச்சிரு" என்றார்.